கறுப்புக்குள் போன எண்

அப்பாவைக் காணவில்லை என்ற நோட்டீசுக்கு நான் எழுத்துரு தேடிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் சிலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எனக்குக் கை மட்டும் ஓடும். பக்கம் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு என்பதால், மனசு எங்கோ கிடந்து அலறினாலும் விரல் தன்பாட்டுக்கு மவுசைப் பிடித்துவிடுகிறது.

முந்தின நாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவு திறந்து கிடந்தது. செருப்பு இருந்தது, அப்பா இல்லை. அவருக்கு மறதி வந்து கொஞ்ச காலமாகிறது. சாவியை மறப்பதில் ஆரம்பித்து, அம்மா இறந்ததை மறப்பதுவரை வந்துவிட்டார். நல்ல நாளில் என்னை "வாடி, போடி" என்பார். சில நாள் திடீரென்று என்னைப் பார்த்து, "நீங்க யாரைத் தேடி வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த "நீங்க" மட்டும் எனக்குத் தாங்காது. அவர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிற மனிதர். வெறுங்காலோடு, கையில் போன் இல்லாமல், சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் போயிருக்கிறார். போலீசில் சொல்லியாகிவிட்டது. வாட்ஸப்பில் அனுப்பியாகிவிட்டது. அது சொந்தக்காரர்கள் போனையே சுற்றிச் சுற்றி வந்தது. அத்தை ஒருத்தி எனக்கே அதை அனுப்பி, "யாரோ பாவம், பாரும்மா" என்று எழுதியிருந்தாள்.

"சுவத்துல ஒட்டணும். தெருவுல நடக்கறவன் கண்ணுல படணும். உங்க பிரஸ்ல அடிச்சுக் குடு" என்றான் அண்ணன். ராத்திரி முழுக்க அலைந்ததில் அவன் குரல் கட்டிப் போயிருந்தது.

காலையில் நாங்கள் பிரஸ்ஸுக்குப் போனபோது நாலு கலர் மிஷினில் ஒரு மின்சாதனக் கடையின் விலை நோட்டீஸ் ஏறத் தயாராக இருந்தது. மிஷினுக்குள் கடைசியாக நுழைகிற வால் பக்கத்தில், தாளின் மூலையில் கொஞ்சம் இடம் வீணாகப் போகவிருந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "அந்த மூலையில உன்னோடதைப் போட்டுக்கம்மா. பிளேட்டை நிறுத்தி வைக்கறேன், சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டு, ஆறுதல் சொல்லத் தெரியாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 

அப்பா காணாமல் போன அன்று போட்டிருந்த அதே கறுப்புக் கம்பளிச் சட்டையோடு ஒரே ஒரு படம்தான் இருந்தது. வீட்டு வாசலில் அந்தி வெளிச்சத்தில் எடுத்தது. பின்னால் இருட்டான கதவு, முன்னால் கறுப்புச் சட்டை, நடுவில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்த முகம். போனில் பார்க்க அழகாக இருக்கும். அச்சுக்குப் போனால் கழுத்துக்குக் கீழே எல்லாம் ஒரே சேறு. அது எனக்குத் தெரியும் என்பதால்தான் பயமாக இருந்தது.

படம் குறுகலாக இருந்ததால், கீழே எழுத்து வைப்பதற்காகப் பின்னணியை நீட்டிக் கறுப்பு நிரப்பினேன். அவசரத்தில் தனிக் கறுப்பு. அதாவது, கறுப்பு மை ஒன்று மட்டும், நூற்றுக்கு நூறு. மாதிரித் தாளில் அது என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. படத்துக்குள் இருந்த இருட்டு நாலு மையும் கலந்தது, கனமாக நின்றது. நான் நீட்டிய பகுதி பல மழையும் வெயிலும் கண்ட குடைத்துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒட்டுப் போட்ட கோடு. 

மிஷின் ஓட்டுபவர் எட்டிப் பார்த்தார். கழுத்தில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்குவதால் அவருக்கு லென்ஸ் என்று பெயர். கல்யாண வீட்டுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு வருவார். 

"தனிக் கறுப்பு எழுத்துக்குத்தான் சரி. இவ்வளவு பெரிய இடத்துல விட்டா சாம்பலாத்தான் தெரியும். மத்த மூணு கலரையும் சேத்து ரிச் பிளாக் குடு" என்றார்.

"தெரியும்."

"தெரியும்னு நாலையும் நூறு நூறு குடுத்துடாத. இது ஆர்ட் பேப்பர் இல்ல, மேப்லித்தோ. மை குடிக்கிற பேப்பர். காயாது, அடுத்த தாளோட முதுகுல ஒட்டிக்கும். உங்கப்பா மூஞ்சி இன்னொரு தாளுக்குப் பின்னாடி இருக்கும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய்ப் பூதக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

கறுப்பு நூறு, அதோடு சயான் நீலம் அறுபது, மஜெண்டாச் சிவப்பும் மஞ்சளும் நாற்பது நாற்பது. அவ்வளவு போதும். நீட்டிய பகுதிக்கு அதைக் கொடுத்தேன். படத்தில் அதைவிட மை அதிகமாகக் குவிந்திருந்த இருட்டையெல்லாம் அந்த அளவுக்கு இறக்கினேன். சட்டையின் கறுப்பை மட்டும் ஒரு படி வெளுப்பாக விட்டேன். கதவு வேறு, தோள் வேறு என்று பிரிந்தது. காலரின் கிழிசல்கூடத் தெரிந்தது. தைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லிச் சொல்லித் தைக்காத கிழிசல். 

அடியில் என் போன் எண்ணை வெள்ளை எழுத்தில் வைத்தேன். வெள்ளைக்கு மை கிடையாது, கறுப்பை எழுத்து வடிவில் வெட்டி வெறும் தாளைக் காட்டுவதுதான். தடிப்பும் மெலிவும் கலந்த ஓர் எழுத்துரு. ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால், அழகாக இருந்தது. இடமும் அடங்கியது. ஒரே எண் போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவன் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே தேடுகிறவன், போன் அடித்தால் எடுக்க மாட்டான்.

மிஷின் ஓடியது. முதல் தாள்கள் வந்ததும் லென்ஸ் கண்ணாடியை வைத்து நடுவிலும் ஓரத்திலும் கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். கடை நோட்டீஸின் விலைகளைப் பார்த்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கறுப்பு அப்படியொரு கறுப்பு. வழவழவென்று, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி.

"பளிச்சுன்னு இருக்கு" என்றான் அண்ணன். அந்த வேளையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மத்தியானத்துக்குள் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஒட்டிவிட்டார்கள். பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரிச் சுவர், சந்தை வாசல், பாலத்துத் தூண், எங்கும் அப்பா. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

ஒருவரும் கூப்பிடவில்லை.

இத்தனை பெரிய ஊரில், இத்தனை சுவரில் ஒட்டியும், யாருமே பார்க்கவில்லையா? பொய்யாகவாவது ஒருவர் கூப்பிட மாட்டாரா? சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். அண்ணியை அவள் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன், மணி அடித்தது. கக்கூசுக்கும் போனோடு போனேன். சாயங்காலம் போய் இருட்டு வந்தது. வெளியே எங்கோ நாய் குரைத்தது. அப்பாவுக்கு நாய் என்றால் பயம். அது ஞாபகம் வந்ததும் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்தேன். 

மறுநாள் காலையில் கூப்பிட்டது போலீஸ். ஆஸ்பத்திரியில் ஒருவரை அடையாளம் பார்க்க வேண்டுமாம். "வயசானவரு. கறுப்புச் சட்டை" என்றார்கள். 

அண்ணன், "நீ வராத, வெளியவே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே ரோட்டோரம் நின்றேன். அதன் கதவைப் பார்க்கப் பயந்து பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். அங்கே அப்பா இருந்தார். 

நோட்டீஸுக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் சோற்றுப் பாத்திரம், இன்னொரு கையில் போன். சுவரைப் பார்த்துப் பார்த்து எண்ணை அமுக்கினார். காதில் வைத்தார். நான் என் கையில் இருந்த போனைப் பார்த்தேன். அது சும்மா கிடந்தது. 

அவர் ஏதோ பேசினார். முகம் சுருங்கியது. போனை எடுத்து முறைத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது, ஒரு ஆட்டோக்காரர் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். "அம்மா, இப்ப இந்த நம்பருக்கா கூப்பிட்டீங்க?"

"ஆமா. இந்தப் பெரியவரை சந்தைப் பக்கம் பாத்தேன், நேத்து. சொல்லலாம்னு கூப்பிட்டா ஒருத்தி எடுத்து எரிஞ்சு விழறா. நல்லதுக்குக் காலமில்ல."

"உங்க போனைக் காட்டுங்க."

காட்டினார். என் எண்தான். ஓர் இலக்கம் தவிர. என் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது.

நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அதுவரை நான் அந்த எண்ணைப் படித்ததே இல்லை. சொந்த எண்ணை யார் படிக்கிறார்கள்? பார்த்ததும் மனசுதான் சொல்லிவிடுகிறதே. வடிவமைத்தபோதும், மாதிரித் தாளிலும், மூட்டை மூட்டையாக அடித்து வந்தபோதும் மனசுதான் சொன்னது. இப்போது தெரியாதவள் மாதிரி ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். எட்டின் தடித்த வளைவு மட்டும் வெள்ளையாக இருந்தது. அதைக் குறுக்கே மூடுகிற இரண்டு மெல்லிய கோடுகளும் இல்லை. அந்த இடத்தில் நீலமும் சிவப்பும் கலந்த ஓர் அழுக்கு நிறம். பக்கத்தில் போனால் கோடு இருந்ததன் தடம் தெரிந்தது. இரண்டடி தள்ளி நின்றால் அது ஐந்து. யார் பார்த்தாலும் ஐந்து.

ஊரெல்லாம் அப்பாவைப் பார்த்திருக்கிறது. ஊரெல்லாம் கூப்பிட்டிருக்கிறது. வேறு யாரையோ.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்து அண்ணன் வந்தான். தூரத்திலிருந்தே தலையை இல்லை என்று ஆட்டினான். "அப்பா இல்ல. வேற யாரோ" என்று சொல்லி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். யாருடைய அப்பாவோ உள்ளே கிடக்க, எனக்கு உயிர் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த ஐந்து உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டேன். அடித்ததுமே எடுத்தது ஒரு பெண் குரல்.

"நோட்டீசா? மறுபடியுமா? நேத்து மத்தியானத்துலேர்ந்து என் உசிரை வாங்கறீங்களே, யாருங்க நீங்கள்லாம்?"

"நான் அவரோட பொண்ணு. நம்பர் தப்பா அச்சாயிடுச்சு. மன்னிச்சுடுங்க. கூப்பிட்டவங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும்..."

 

"நிஜமாவே பொண்ணா?" என்றாள், குரல் இறங்கி. "எனக்கு என்னன்னே புரியலங்க. அப்பாவைப் பாத்தேன், அப்பாவைப் பாத்தேன்னு ஆளாளுக்கு. எங்கப்பா செத்துப் போயிட்டாரு. வீட்ல நான் தனியா இருக்கேன். யாரோ வம்பு பண்றாங்கன்னு கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஒரு பெரியவர் குரல். 'அம்மா, நான் அப்பா பேசறேன்'னுச்சு. எனக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சு."

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எனக்கு அப்பாவே கிடையாது, இன்னொரு தடவை கூப்பிட்டா போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்னு கத்திட்டேங்க. வச்சுட்டேன்." சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். 

என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. இனி யார் கூப்பிட்டாலும் என் எண்ணைச் சொல்லச் சொன்னேன். அந்தச் சாயங்காலக் குரல் வந்த எண்ணைத் தேடிக் கொடுத்தாள். கூப்பிட்டேன், அது சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு தையல்காரருடையது.

"ஆமாங்க, வந்தாரு" என்றார் தையல்காரர். "கடைக்கு எதிர்ல ஒட்டியிருந்ததையே பாத்துட்டு நின்னாரு. 'இது நான்தானே?'ன்னு என்னைக் கேட்டாரு. நான்தான் போட்டுக் குடுத்தேன். பேசினாரு. போனைத் திருப்பிக் குடுத்துட்டு, 'என் பொண்ணு இல்லையாம். அவங்களுக்கு அப்பாவே கிடையாதாம். தப்பா தொந்தரவு பண்ணிட்டேன்'னாரு. உக்காருங்க ஐயான்னேன், தண்ணி குடிங்கன்னேன். ஒண்ணும் வேணாம்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கமா" என்றார்.

அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அவன் எழுந்த வேகத்தில் வண்டி சாய்ந்து விழுந்தது. "நான் ஆத்துக்குப் போறேன். நீ வா."

"நான் பிரஸ்ஸுக்குப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? இப்ப நோட்டீஸா முக்கியம்?"

"அத்தனை சுவத்துலயும் தப்பான நம்பர் நிக்குது. அவரே மறுபடி அதைப் பாத்தா? மறுபடி அதே திட்டு வாங்கினா?"

"பேனாவால திருத்திடலாமே!"

"அந்தக் கறுப்பு மேல எந்தப் பேனா எழுதும்?" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வண்டியை நிமிர்த்திக்கொண்டு போனான். ஆற்றில் இறங்கத் தெரிந்தவன் அவன். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

சுவரிலிருந்து கிழித்து வந்த நோட்டீசை லென்ஸ் மேசையில் விரித்துக் கண்ணாடியை வைத்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நடுவுல கலர் மேல கலர் சரியா உக்காந்து, ரிஜிஸ்டர் ஒழுங்கா இருந்துச்சும்மா. நான் பாத்தேன். வால் பக்கத்துல பேப்பர் மிஷின் தண்ணியைக் குடிச்சு விரிஞ்சிருக்கு. முதல்ல கறுப்பு விழுந்துச்சு, அப்புறம் தாள் விரிஞ்சுது, அடுத்த மூணு கலரும் எழுத்துக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. தடிச்ச கோடு தப்பிச்சுது. மெல்லிசு செத்துச்சு. மூலையைப் பாக்காம விட்டுட்டேனே."

"நான் ரிச் பிளாக்குல மயிரிழை எழுத்தை வெட்டியிருக்கக் கூடாது."

"சரி, அதை அப்புறம் பேசுவோம். இப்ப என்ன பண்றே?"

தனிக் கறுப்பில் எழுத்தை வெட்டியிருந்தால் அசைய எதுவும் இருந்திருக்காது, ஒரே மை. ஆனால் மொத்தத்தையும் தனிக் கறுப்பாக்கினால் அப்பா சாம்பலுக்குள் போய்விடுவார். எழுத்தைச் சுற்றி மட்டும் மற்ற மூன்று கலரையும் பின்வாங்க வைக்கலாம். நல்ல முறைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு எந்த மையின் மேலும் நம்பிக்கை இல்லை. அடியில் ஒரு பட்டையை முழுக்க வெள்ளையாக விட்டேன். வெறும் தாள். அதன்மேல் தடித்த, கோணல்மாணல் இல்லாத, அழகே இல்லாத எழுத்துருவில் எண், தனிக் கறுப்பில். மேலே முகமும் இருட்டும் ரிச் பிளாக்கில். கறுப்பு மைக்கான ஒரே பிளேட்டிலிருந்து வருகிற எண் வேறு எதனோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

மிஷினில் ஏற இருந்தது ஒரு சோப்புக் கம்பெனியின் நோட்டீஸ். பிளேட் இன்னும் போடவில்லை. முதலாளியைக் கேட்க லென்ஸ் அறைக்குள் போனார். உள்ளே என்ன பேசினாரோ, முதலாளியே வெளியே வந்து, "சோப்பு நாளைக்குப் போகட்டும். தாள் முழுக்க உன்னோடதையே போடு. மூலையை மட்டும் விட்டுடு" என்றார். 

மிஷின் ஓடும்போது தரை அதிரும். அன்று அது என் பல்லில் அதிர்ந்தது. ஒவ்வொரு முறை போன் ஒளிரும்போதும் அண்ணன் ஆற்றிலிருந்து கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். "இன்னும் இல்ல" என்று மட்டும் சொன்னான் ஒருமுறை. அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

முதல் தாள் வந்ததும் லென்ஸ் நாலு மூலையையும் பார்த்தார். பிறகு தாளை வெளியே எடுத்துப் போய், தெருவில் போன ஒரு முன்பின் தெரியாத ஆளை நிறுத்தி, "இந்த நம்பரைப் படிங்க" என்றார். அந்த மனிதர் இதென்ன வம்பு என்கிற பார்வையோடு படித்தார். எட்டு, எட்டாகவே வந்தது.

மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். லென்ஸ் வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பசை வாளியைப் பிடித்துக்கொண்டேன். பழையதன் மேலேயே புதியதை ஒட்டினோம். சந்தை, தையல் கடை, ஆற்றுக்குப் போகிற ரோடு முழுக்க. புடவையெல்லாம் பசை. ஒவ்வொரு சுவரிலும் அப்பாவின் முகத்தைக் கையால் தடவி ஒட்டும்போது, குளிர்ந்த கன்னத்தைத் தடவுவது மாதிரி இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு லென்ஸே ஒட்டினார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ, இங்க பஸ் ஸ்டாப்புல ஒரு பெரியவர் நிக்கறாருங்க. டெப்போவுக்கு முன்னாடி" என்றாள் ஒரு சின்னப் பெண். "போஸ்டர்ல இருக்கறவர் மாதிரியே இருக்காரு. கால்ல ரத்தம் வந்திருக்கு. நம்பரை ஒவ்வொண்ணா படிச்சு, 'இது வேற நம்பரா?'ன்னு கேட்டாரு. போடட்டுமான்னா வேணாங்கறாரு. அவங்க திட்டுவாங்களாம். நான் அவருக்குத் தெரியாமத்தான் கூப்பிடறேன்."

"அவர்கிட்ட குடும்மா. புண்ணியமாப் போகும், அவர்கிட்ட குடு."

ஏதோ பேச்சு கேட்டது. பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. பிறகு மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும். பக்கத்து அறையிலிருந்து இரவெல்லாம் நான் எண்ணிக்கொண்டு படுக்கிற மூச்சு.

"மன்னிச்சுக்குங்க. தொந்தரவு பண்றேன்" என்றார் அப்பா. "ஒரே ஒரு விஷயம் கேக்கணும். வச்சுடாதீங்க."

"வைக்கலப்பா. நான்தாம்ப்பா. உங்க பொண்ணு."

"நிச்சயமாவா?"

"நிச்சயமாப்பா."

"நேத்து இல்லைன்னுட்டியே" என்றார்.

அச்சு, தாள் விரிந்தது, எட்டு, ஐந்து என்று இவருக்கு நான் என்னத்தைச் சொல்ல? "நேத்து தப்பு பண்ணிட்டேம்ப்பா. இப்ப வந்துட்டே இருக்கேன். போனைக் காதுலயே வச்சுக்குங்க. நானும் வைக்க மாட்டேன்."

லென்ஸ் அந்த வண்டியை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பசை வாளி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே இருந்தேன். காலர் கிழிசலைத் தைத்துவிடுகிறேன் என்றேன். செருப்பு வாசலிலேயே இருக்கிறது என்றேன். அவர் "உம், உம்" என்றார். ஒரு இடத்தில் "உம்" வரத் தாமதமானது, அப்பா அப்பா என்று கத்தினேன். பிறகு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் அவர் என் நோட்டீசுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் நின்றாள். அவளுடைய போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். முகம் பாதியாகிப் போயிருந்தது. நான் ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டு, "அப்பா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வை என் முகத்தில் எங்கும் நிற்கவில்லை. ஒரு கையை மட்டும் போனிலிருந்து எடுத்து, பொறுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார். "என் பொண்ணு லைன்ல இருக்கா."

நான் எழுந்து அவருக்குப் பக்கத்தில், பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் போனை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டு, "இருக்கேம்ப்பா, சொல்லுங்க" என்றேன்.